குறட்டை கேட்கும் வரை கடை திறந்திருக்கும்

ராஜ்கோட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் விழித்திருக்கிறார் என்றால், ஒன்று அவருக்கு உடம்பு சரியில்லை, இல்லையென்றால் அவர் வெளியூர்க்காரர். கடைகள் கதவை இறக்கிவிடும். தெரு நாய்கூட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, யாராவது திருடன் வந்தால் நாலு மணிக்கு மேல் வரட்டும் என்று விட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட வேளையில் ஜாக்ருதி கடை திறப்பாள்.

கடை என்றால் பலகை, கல்லாப்பெட்டி என்று கற்பனை செய்ய வேண்டாம். கூடத்தில் மாமனார் படுக்கும் பெட்டிக் கட்டில்தான் அவளுடைய கிடங்கு. கட்டிலுக்கு எதிரே ஜன்னலோரம் இருக்கும் நாலடி இடம்தான் கடை. கவிழ்த்து வைத்த அரிசி டப்பாவின்மேல் சப்பாத்திக் கல், அதன்மேல் சாய்த்து வைத்த செல்போன். அதன் முன்னால் நின்றுகொண்டு அவள் நேரலையில், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய பாந்தணிச் சேலை விற்பாள். நின்றுகொண்டு என்றுதான் சொன்னேன். பேசிக்கொண்டு என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

காரணம், மாமனார் பாபுஜி போட்ட சட்டம்.

வீட்டில் மூன்று அறை. ஒன்றில் மூத்தவர் குடும்பம், ஒன்றில் ஜாக்ருதியும் புருஷன் நீலேஷும், மூன்றாவதில் பிள்ளைகள் பட்டாளம். கூடம் பாபுஜிக்கு. பாபுஜி என்கிற வ்ரஜ்லால் முப்பது நாற்பது வருஷம் குந்தாவாடி பஜாரில் துணிக்கடை நடத்தியவர். கடையைப் பெரிய மகனிடம் ஒப்படைத்தார். பெரிய மகன் அதைச் செல்போன் உறை விற்கும் கடையாக மாற்றிவிட்டான். அன்றிலிருந்து பாபுஜி துணியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஜாம்நகரில் அம்மா வீட்டுத் தெருவில் முடிச்சுக் கட்டும் பெண்களிடம் வாங்கி, வீட்டிலிருந்தே விற்கிறேன் என்று ஜாக்ருதி கேட்டபோது, வீடு நாலு மணித் தேநீருக்காகக் கூடியது. அந்த வீட்டில் நாலு மணித் தேநீர்தான் நீதிமன்றம்.

"வியாபாரம் பண்றது தப்பில்ல, பேட்டா," என்றார் பாபுஜி, சாஸரில் ஊற்றிய தேநீரை ஊதியபடி. "ஆனா இந்த வீட்டுல தனி ரூம் கிடையாது. காலையில சமையல், பூஜை. சாயங்காலம் பசங்க. மத்தியானந்தான் மிச்சம். மத்தியானத்துல யார் தூக்கமும் கெடக்கூடாது. தூக்கத்தக் கெடுத்தது எதுவோ, அத அன்னைக்கே மூடிடணும்."

"யார் தூக்கமும்னா என் தூக்கமுந்தானே பாபுஜி?" என்றாள் ரஞ்சன் பாபி, மூத்த மருமகள்.

"உன் தூக்கமுந்தான்."

ரஞ்சன் பாபி தேநீருக்குத் தொட்டுக்கொள்ளும் மொறுமொறு காக்ரா ரொட்டியை இரண்டாக உடைத்த விதத்திலேயே தெரிந்தது, அவள் இனிமேல் எப்படிப்பட்ட தூக்கம் தூங்கப்போகிறாள் என்பது. அவளுக்கும் நியாயம் உண்டு. அந்தப் பெட்டிக் கட்டிலுக்குள் அதுவரை இருந்தவை அவள் சீதனமாகக் கொண்டுவந்த ரஜாய்கள், குளிருக்குப் போர்த்தும் பஞ்சுப் போர்வைகள். இப்போது அவை அவள் அறையில் பீரோவின்மேல் ஒட்டகம்போல உட்கார்ந்திருந்தன. ஜாக்ருதியின் கடை மூடினால் ரஜாய்கள் வீடு திரும்பும்.

ஆகவே ஜாக்ருதி சத்தத்தை ஒவ்வொன்றாகக் கொன்றாள். கொலுசைக் கழற்றினாள். வளையல்களைக் கைக்குட்டையால் சேர்த்துக் கட்டினாள். வாசல் மணியின் சுவிட்சை அணைத்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, பார்சல் ஒட்டும் டேப். உலகத்தில் அதைப்போலத் துரோகி கிடையாது. பார்க்கச் சாதுவாக இருக்கும், இழுத்தால் பூனையை மிதித்ததுபோலக் கத்தும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். காலையில் மிக்சியில் பச்சைச் சட்னி அரைபடும்போது, அந்தக் கர்ஜனையின் மறைவில் டேப்பைக் கிழித்துக் கிழித்துச் சமையலறைக் கதவின் ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்துவிடுவாள். வீட்டில் சட்னி மிஞ்சத் தொடங்கியது. "என்ன, தினமும் சட்னி?" என்று நீலேஷ் கேட்டான். "வியாபாரம் நல்லாப் போகுது," என்றாள்.

பேசவேண்டியதை மகனின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினாள். விலை, நிறம், பட்டா பருத்தியா, எல்லாம். வாங்குகிறவர்கள் கேள்வியை எழுத்தில் கேட்டார்கள்.

இப்படி ஊமையாக விற்கிற ஒருத்தியிடம் யார் வாங்குவார்கள் என்றுதான் அவளே பயந்தாள். வாங்கினார்கள். ஏனென்றால் வாங்குகிறவர்களும் அவளைப்போலவே மருமகள்கள். அவர்கள் வீட்டிலும் பக்கத்தில் ஒரு மாமனாரோ மாமியாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற வியாபாரிகள் திருவிழா மைக்கைப்போலக் கத்துவார்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். ஜாக்ருதியின் கடையை நிம்மதியாகப் பார்க்கலாம். கேட்கிற ஒரே சத்தம் பாபுஜியின் குறட்டைதான்.

அந்தக் குறட்டையே கடையின் மணியாகிவிட்டது. அது ஓடுகிறவரை வியாபாரம் ஓடும். அது நின்றால் ஜாக்ருதி கையிலிருக்கும் சேலையைப் போனின்மேல் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் மறைவாள். திரும்பக் கேட்டால் திரும்ப வருவாள். வாடிக்கையாளர்களுக்கும் இந்த ஒழுங்கு பழகிவிட்டது. "பாபுஜி புரண்டு படுக்கிறார், ஜாக்ருதிபென், ஜாக்கிரதை," என்று எழுதுவார்கள்.

ஒரே சங்கடம் கிடங்கு. அன்றைக்கு வேண்டிய சேலைகளைக் காலையில் பாபுஜி கோயிலுக்குப் போனபோதே கட்டிலிலிருந்து எடுத்து வைத்துவிடுவாள். யாராவது திடீரென்று வேறு நிறம் கேட்டால் சிலேட்டில் எழுதுவாள்: "பச்சை கீழே இருக்கிறது. மேலே மாமனார் இருக்கிறார். நாளைக்கு."

சில விஷயங்களை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டாள். கட்டிலின் கால்மாட்டு மூடியை ஒருநாள் தொட்டுப் பார்த்தபோது, பாபுஜி தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொண்டார். நல்ல சேலையை விரிக்கும்போதெல்லாம் குறட்டை கொஞ்சம் இறங்கும். விலையைக் குறைத்து எழுதினால் அவருக்குத் தூக்கத்தில் இருமல் வரும். வயசானவர், உடம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மோர்பியிலிருந்து தருலதாபென் நேரலைக்கு வந்த மத்தியானம்தான் எல்லாம் புரிந்தது.

தருலதாபென்னின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு, நாத்தனார்களுக்கு, சம்பந்திகளுக்கு என்று சேலை எல்லாம் ஒரே இடத்தில் வாங்க அந்த அம்மாள் தயார். ஜாக்ருதி ஒரு வருஷம் சட்னி அரைத்தாலும் வராத வியாபாரம். கல்யாணச் சிவப்பை எடுத்துக் காட்டினாள். முடிச்சு அவிழ்க்காத சேலை, முள்ளம்பன்றிபோலச் சுருண்டு கிடந்தது.

திரையில் எழுத்து ஓடியது. "பிரிச்சுக் காட்டுங்க."

ஜாக்ருதி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சிலேட்டில் எழுதினாள்: "முடிச்சோடு அனுப்புகிறேன். வீட்டில் பிரித்துப் பாருங்கள்."

"போன தடவை அப்படித்தான் ஒருத்தி அனுப்பினா. மேல நாலு முடிச்சு, உள்ள பூரா அச்சு. நாலு மணிக்கு எங்க வீட்டுல எல்லாரும் எந்திரிச்சு என்னை வேற கடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இப்பவே பிரிங்க. இல்லன்னா விடுங்க."

அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. பாந்தணியின் சத்தியமே அதுதான். ஆயிரக்கணக்கான முடிச்சுகள், ஒவ்வொன்றும் நூலால் இறுக்கிக் கட்டியது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அகலவாக்கில் வெடுக்கென்று இழுத்தால் நூல் தெறித்து முடிச்சுகள் அவிழும். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் கண் திறக்கும். அச்சடித்ததில் அப்படி அவிழாது. ஆனால் அந்த அவிழ்தலுக்கு ஒரு சத்தம் உண்டு. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். ஒரு சேலை முழுக்க என்றால், ஒரு மூட்டைக் கடுகு.

பாபுஜி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரஞ்சன் பாபியின் அறைக்கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. காற்றுக்காக என்று பாபி சொல்லியிருந்தாள்.

இழுக்க இன்னொரு ஆள் வேறு வேண்டும். நீலேஷை எழுப்பலாம். ஆனால் நீலேஷை எழுப்புகிற சத்தத்தில் பக்கத்துத் தெருவே எழுந்துவிடும். ஜாக்ருதி ஒரு கரையைக் காலால் மிதித்துக்கொண்டாள், மறுகரையைக் கையில் பிடித்தாள், குலதெய்வத்தை நினைத்தாள், இழுத்தாள்.

பட்.

குறட்டை நின்றது.

ஜாக்ருதி அப்படியே நின்றாள், ஒரு கால் தூக்கிய கொக்குபோல. போன் திரையில் யாரோ கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

பிறகு குறட்டை திரும்ப வந்தது. முன்னைவிடப் பெரிதாக. நல்லவேளை, ஆழ்ந்த தூக்கம் என்று நினைத்து அவள் மறுபடி இழுத்தாள். பட், பட், பட். குறட்டை இன்னும் ஏறியது. அவள் நிறுத்தினாள், குறட்டை தணிந்தது. அவள் இழுத்தாள், குறட்டை எழும்பி முடிச்சுச் சத்தத்தின்மேல் போர்வைபோல விழுந்தது. நாலைந்து தடவை ஆனபிறகு அவளுக்குச் சந்தேகம் வந்தது. தூங்குகிற மனுஷனுக்கு இவ்வளவு தாளஞானம் இருக்கமுடியுமா?

யோசித்த நேரத்தில் காலடிக் கரை வழுக்கியது. சேலை துள்ளிப்போய்க் கட்டிலில், பாபுஜியின் வயிற்றின்மேல் விழுந்தது. ஜாக்ருதி கண்ணை மூடிக்கொண்டாள். கடை போச்சு என்று நினைத்தாள். ரஜாய்கள் ஊர்வலமாக வருவது தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது, பாபுஜியின் கை சேலைக் கரையைப் பிடித்திருந்தது.

சும்மா கைபட்ட பிடி இல்லை. கட்டைவிரல் கரைக்குமேல், ஆள்காட்டி விரல் அடியில், மற்ற விரல்கள் உள்ளே மடங்கி, கல்லாவில் உட்கார்ந்து துணி பிடித்த மனுஷனின் பிடி. கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. குறட்டை குறைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கை மட்டும் லேசாக ஒரு சொடுக்குச் சொடுக்கியது. இழு, என்றது.

ஜாக்ருதி இழுத்தாள். பாபுஜியும் இழுத்தார். பட பட படவென்று கூடம் முழுக்கக் கடுகு வெடித்தது. அதன்மேல் சிங்கம் கர்ஜித்தது. நூல் துணுக்குகள் தெறித்துப் பாபுஜியின் மீசையில், வேட்டியில், தலையணையில் உட்கார்ந்தன. சிவப்புக்குள்ளிருந்து புள்ளிகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. பாபுஜியின் ஒரு கண் ஒரு நூலளவு திறந்து, புள்ளிகளைப் பார்த்து, திருப்தியாக மூடிக்கொண்டது.

அப்போதுதான் தன் அறைவாசலில் ரஞ்சன் பாபி வந்து நின்றாள். அவிழ்ந்த தலையோடு, இத்தனை நாள் காத்திருந்தது கிடைத்துவிட்ட முகத்தோடு.

"பாபுஜி முழிச்சிட்டாரு," என்றாள்.

"இல்ல பாபி, குறட்டை விடுறாரே," என்று ஜாக்ருதி கிசுகிசுத்தாள்.

"சேலையப் பிடிச்சிருக்காரே."

"தூக்கத்துல பிடிச்சிருப்பாரு. சின்னப் பசங்க போர்வையப் பிடிக்கல?"

ரஞ்சன் பாபி கட்டிலருகே வந்து குனிந்தாள். "பாபுஜி, முழிச்சிருக்கீங்களா?"

குறட்டை.

"பாபுஜி, டீ போடட்டுமா?"

குறட்டை.

பாபி கொஞ்சம் யோசித்தாள். "பாபுஜி, உங்க பெரிய பிள்ளை காந்தியாவும் சூடா ஜலேபியும் வாங்கிட்டு வந்திருக்காரு."

குறட்டை வந்தது. ஆனால் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கிவிட்டுக் குறட்டை தொடர்ந்தது.

"பாத்தியா?"

"கனவுல சாப்பிட்டிருப்பாரு, பாபி."

போனில் எழுத்துகள் மழையாகக் கொட்டின. கடை இன்னும் திறந்திருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். மோர்பி தருலதாபென் எழுதியிருந்தாள்: "சேலை அசல். மாமனார்தான் சந்தேகம். எல்லாம் எடுத்துக்கறேன்."

நாலு மணிக்கு நீதிமன்றம் கூடியது. ரஞ்சன் பாபி சாட்சியத்தோடு வந்தாள். பாபுஜியின் வேட்டியிலிருந்து பொறுக்கிய நூல் துணுக்குகளை ஒரு கிண்ணத்தில் போட்டு நடுவில் வைத்தாள். ஜாக்ருதி தேநீரைத் தொடவில்லை. தருலதாபென்னின் ஆர்டரைப் பார்சல் கட்டுவதா, பணத்தைத் திருப்பி அனுப்புவதா என்பது அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

"பாபுஜி, இன்னைக்கு உங்க தூக்கம் கெட்டுச்சா இல்லியா?" என்றாள் பாபி.

பாபுஜி சாஸரை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினார். "குறட்டை கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"முழிச்சிருக்கிறவன் குறட்டை விடுவானா?"

"அது..."

"என் தூக்கம் என் தூக்கம். கெட்டுதா இல்லியான்னு நாந்தான் சொல்லணும். கெடல."

பாபி விடுவதாக இல்லை. "சரி. என் தூக்கம் கெட்டுச்சு. என் தூக்கமும் கணக்குதான்னு நீங்கதான் சொன்னீங்க."

நீலேஷ்கூடக் காக்ரா மெல்வதை நிறுத்தினான். ஜாக்ருதி தரையைப் பார்த்தாள்.

"உன் தூக்கம் எதனால கெட்டுச்சு?" என்றார் பாபுஜி மெதுவாக. "முடிச்சுச் சத்தமா?"

ரஞ்சன் பாபி எரிச்சல்காரி, ஆனால் பொய் சொல்லமாட்டாள். "முடிச்சு எங்க கேட்டுச்சு? உங்க குறட்டைதான் வீடு இடியற மாதிரி கேட்டுச்சு. எந்திரிச்சு வந்தப்புறந்தான் முடிச்சே தெரிஞ்சுது."

பாபுஜி சாஸரைக் கீழே வைத்தார். முகத்தில் நீதிபதிக்குரிய துக்கம். "அப்போ தூக்கத்தக் கெடுத்தது குறட்டை. சட்டம் சட்டந்தான். கெடுத்தது எதுவோ, அத இன்னைக்கே மூடிடணும். நாளையிலேருந்து நான் மத்தியானம் தூங்கல."

ராஜ்கோட்டில் பிறந்து வளர்ந்த மனுஷன் மத்தியானத் தூக்கத்தைத் துறக்கிறார். சந்நியாசம்கூட இவ்வளவு பெரிய விஷயமில்லை. ரஞ்சன் பாபியின் கண் கலங்கிவிட்டது. "பாபுஜி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நீங்க தூங்குங்க. நான் காதுல பஞ்சு வச்சுக்கறேன். ரஜாய்ல நிறைய இருக்கு."

"சட்டம்," என்றார் பாபுஜி.

மற்றவர்கள் கலைந்தபிறகு ஜாக்ருதி டம்ளர்களைப் பொறுக்க வந்தாள். பாபுஜி கிண்ணத்திலிருந்த நூல் துணுக்குகளை விரலால் அளைந்துகொண்டிருந்தார்.

"பாபுஜி, நிஜமாவே தூக்கம் வராதா உங்களுக்கு?"

அவர் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடைய விட்ட அன்னைக்கே போயிடுச்சு, பேட்டா. வெளிய சொன்னா டாக்டருகிட்ட இழுத்துட்டுப் போவீங்க. ஊர்ல தலைகாட்ட முடியாது. அதான் கண்ண மூடிட்டுக் கிடந்தேன். நீ கடை போட்டப்புறம் கொஞ்சம் பொழுது போச்சு." கொஞ்சம் தயங்கினார். "நான் குறட்டைய நிறுத்தினா நீ கடைய மூடிடறியே. விடாம விட்டு விட்டுத் தொண்டை புண்ணாப் போச்சு."

ஜாக்ருதி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தம் போடாமல் சிரிக்க அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"அந்தப் பச்சைச் சேலைய அநியாயத்துக்குக் கொறைச்சு எழுதினியே," என்றார் பாபுஜி. "எவ்வளவு இருமினேன்."

மறுநாள் மத்தியானம் கட்டிலுக்குள் கால்மாட்டுப் பாதியில் இரண்டு ரஜாய்கள் குடியேறியிருந்தன. அது ஜாக்ருதியாகச் செய்தது. தலைமாட்டுப் பாதி கிடங்காகவே இருந்தது. கட்டிலின்மேல் பாபுஜி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சம்மணமிட்டு, திரையில் கைமட்டும் தெரிகிறமாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கரை, அவள் ஒரு கரை. சேலையை விரித்ததுமே எழுத்துகள் வரத்தொடங்கின.

"ஜாக்ருதிபென், குறட்டை எங்கே?"

"பாபுஜிக்கு உடம்பு சரியில்லையா?"

"குறட்டை கேக்கலன்னா எங்க வீட்டுலயும் யாரோ முழிச்ச மாதிரி பயமா இருக்கு. நான் அப்புறம் வரேன்."

ஒவ்வொருவராகக் கடையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். "என்ன எழுதறாங்க?" என்று பாபுஜி உதட்டை அசைத்தார். ஜாக்ருதி சிலேட்டில் எழுதிக் காட்டினாள். பாபுஜி படித்தார். ரஞ்சன் பாபியின் கதவைப் பார்த்தார். மூடிய குறட்டையைச் சட்டப்படி திறக்கமுடியாது.

கதவருகே பாபி நின்றிருந்தாள். கண்ணில் தூக்கமே இல்லை.

"இவ்வளவு அமைதியா இருந்தா எப்படித் தூங்கறது பாபுஜி?" என்றாள் குறைபடுகிற குரலில், யார் முகத்தையும் பார்க்காமல். "இத்தன வருஷப் பழக்கம். கொஞ்சம் மெதுவா விட்டீங்கன்னா நானும் ஒரு கண் அசருவேன்."

பாபுஜி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சேலைக் கரையை இறுக்கிப் பிடித்தார். இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, வீட்டுக்கும் கடைக்கும் போதுமான அளவில் குறட்டை விட்டார்.

முதல் முடிச்சு பட்டென்று அவிழ்ந்தது.